‘இவற்றுள் எதுவுமில்லை’ எங்கே பொருந்தும்?

கொள்குறி வினாத்தாளில் நான்காவது விடையாக அடிக்கடி வந்து உட்காரும் இரண்டு தொடர்கள் ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘இவற்றுள் எதுவுமில்லை’. வினா தயாரிப்பவர் மூன்று விடைகளை எழுதி முடித்து, நான்காவது கிடைக்காமல் தவிக்கும்போது இவை கைகொடுக்கின்றன. இரண்டையும் ஒரே வகையாகப் பார்க்கும் பழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. உண்மையில் இரண்டும் மாணவரின் அறிவை வெவ்வேறு விதமாக அளக்கின்றன. கெடுக்கும் விதமும் வேறு. தாமஸ் ஹாலடைனா, ஸ்டீவன் டவுனிங், மைக்கேல் ரோட்ரிகஸ் ஆகிய மூன்று தேர்வியல் அறிஞர்கள், வினா எழுதுவதற்குப் பாடநூல்கள் சொல்லும் விதிகளை ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டு 2002-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் ‘அனைத்தும்’ தவிர்க்கப்பட வேண்டியது என்றும், ‘எதுவுமில்லை’ கவனத்தோடு கையாள வேண்டியது என்றும் இரு வேறு தீர்ப்புகள் தரப்பட்டன. அந்த வேறுபாட்டுக்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

முதலில் ‘அனைத்தும்’. கொசுவால் பரவும் நோய் எது என்று ஒரு வினா. மலேரியா, டெங்கு, யானைக்கால் நோய், மேற்கண்ட அனைத்தும் என்று நான்கு விடைகள். யானைக்கால் நோய் எப்படிப் பரவுகிறது என்று ஒரு மாணவிக்குத் தெரியாது. ஆனால் மலேரியாவும் டெங்குவும் கொசுவால் வருபவை என்று தெரியும். இரண்டு சரி என்றாலே விடை ‘அனைத்தும்’ ஆகத்தான் இருக்க முடியும். மூன்றாவதைப் படிக்காமலேயே முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆசிரியர் எதைச் சோதிக்க நினைத்தாரோ, அதாவது பலருக்கும் தெரியாத யானைக்கால் நோயை, அது சோதிக்கப்படவே இல்லை.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மூன்றில் ஒன்று தவறு என்று மாணவருக்கு உறுதியாகத் தெரிந்தால், அந்த விடையோடு ‘அனைத்தும்’ என்பதும் சேர்ந்து விழுந்துவிடும். நான்கு விடைகள் இரண்டாகச் சுருங்க, குருட்டாம்போக்கில் தொட்டாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு துண்டு அறிவுக்கு இவ்வளவு பெரிய பரிசு தரும் வினா நல்ல அளவுகோல் ஆகாது.

இன்னொரு குறை நியாயம் சார்ந்தது. அதே வினாவில் ஒரு மாணவன் மலேரியா என்று முதலில் கண்டதும் வட்டத்தைக் கருமையாக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறான். அவன் சொன்னது பொய்யல்ல; மலேரியா கொசுவால்தான் பரவுகிறது. ஆனாலும் பூஜ்யம். ‘மிகச் சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று தாளின் தலைப்பில் எழுதியிருந்தால் திருத்துபவர் தப்பிக்கலாம். ‘சரியான விடை’ என்று மட்டும் இருந்தால், அந்த மாணவனின் முறையீட்டுக்குப் பதில் சொல்வது கடினம்.

இதைச் சரிசெய்வது எளிது. கேள்வியைத் திருப்பி, கொசுவால் பரவாத நோய் எது என்று கேட்டு, அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, நான்காவதாக டைபாய்டைச் சேர்த்தால் போதும். இப்போது மூன்றும் கொசுவால் வருபவை என்று தெரிந்தவரோ, டைபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது என்று தெரிந்தவரோதான் விடை சொல்ல முடியும். எதிர்மறைக் கேள்விகள் அதிகமானால் மாணவர்கள் தடுமாறுவார்கள் என்பதால், ஒரு தாளில் இப்படி ஓரிரண்டு போதும். மற்ற இடங்களில் ஒவ்வொரு நோயையும் தனி வாக்கியமாக்கி ‘சரி, தவறு’ என்று கேட்பதே நேர்மையானது. தெரிந்ததற்கு மட்டும் மதிப்பெண், தெரியாததற்கு இல்லை.

‘எதுவுமில்லை’ என்பதன் சிக்கல் வேறு வகையானது. அதுவே சரியான விடையாக இருக்கும்போது, தவறுகளை இனம் காணத் தெரிந்தவருக்கு மதிப்பெண் போகிறது; சரியானதை அறிந்தவரா என்று தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்ற கேள்விக்கு சிட்னி, மெல்போர்ன், பெர்த், இவற்றுள் எதுவுமில்லை என்று விடைகள் இருக்கட்டும். கான்பெரா என்று அறிந்த மாணவியும், பிரிஸ்பேன் என்று நம்பும் மாணவனும் ஒரே வட்டத்தைக் கருமையாக்குவார்கள். தவறான நம்பிக்கை முழு மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போகிறது. கான்பெரா என்ற பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லாததால், தேர்வு எழுதுவதே ஒரு பாடமாக அமையும் வாய்ப்பும் போய்விடுகிறது. இந்த வகை வினாக்களில் பயிற்சி பெற்றவர்களுக்குப் பிறகு நடந்த நினைவுச் சோதனையில் அந்தப் பயிற்சி உரிய பலன் தரவில்லை என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, பெயர், ஆண்டு, இடம் போன்ற தகவல் வினாக்களில் ‘எதுவுமில்லை’ சரியான விடையாக வரக் கூடாது.

இருப்பவற்றுள் சிறந்ததைக் கேட்கும் வினாக்களில் அது தவறான விடையாகக்கூட வரக் கூடாது. வயிற்றுப்போக்கால் சோர்ந்திருக்கும், ஆனால் குடிக்க முடிகிற குழந்தைக்கு முதலில் தர வேண்டியது எது என்று செவிலியர் தேர்வில் கேட்பதாகக் கொள்வோம். உப்பு சர்க்கரைக் கரைசல் என்பது எதிர்பார்க்கும் விடை. பக்கத்திலேயே ‘எதுவுமில்லை’ இருந்தால், நன்றாகப் படித்தவர்தான் தயங்குவார். தாய்ப்பாலைத் தொடர்வது, துத்தநாகம் தருவது, நீரிழப்பின் அளவை முதலில் மதிப்பிடுவது என்று பட்டியலில் இல்லாத நல்ல பதில்கள் அவர் நினைவுக்கு வரும். ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில், ஒப்பீட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு விடையை வைத்தால் ஒப்பீடே குலைந்துபோகும்.

அப்படியானால் அது எங்கேதான் பொருந்தும்? விடை சரி அல்லது தவறு என்று ஐயத்துக்கு இடமின்றி நிற்கும் இடத்தில். கணக்கு அதற்கு ஏற்ற இடம்.

8,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டியில், இரண்டு ஆண்டுகளுக்கு வட்டி எவ்வளவு? முதல் ஆண்டு வட்டி 800. இரண்டாம் ஆண்டு 8,800 ரூபாய்க்கு 880. மொத்தம் 1,680. தவறான விடைகளை எழுதும் முன், மாணவர் எங்கே சறுக்குவார் என்று ஆசிரியர் யோசிக்க வேண்டும். தனிவட்டியாகக் கணக்கிட்டவருக்கு 1,600 வரும். வட்டியைக் கேட்டால் அசலையும் சேர்த்துச் சொல்பவருக்கு 9,680. இவற்றோடு 1,680-ஐயும் ‘எதுவுமில்லை’ என்பதையும் வைத்தால் வினா தயார்.

இங்கே ‘எதுவுமில்லை’ உண்மையான வேலை செய்கிறது. 800-ஐயும் 880-ஐயும் கூட்டும்போது கை தவறி 1,780 என்று எழுதிய மாணவரைப் பாருங்கள். நான்கும் எண்களாகவே இருந்திருந்தால், தன் விடை பட்டியலில் இல்லை என்பதே அவருக்கு எச்சரிக்கை. திரும்பிப் போய்த் திருத்திக்கொள்வார். கணக்கே போடாமல் 1,700-க்குப் பக்கத்தில் எது என்று தேடுபவரும் தப்பிவிடுவார். ‘எதுவுமில்லை’ இருக்கும்போது அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. தன் விடையைத் தானே நம்பும் அளவுக்குக் கணக்குத் தெரிந்தவர்தான் 1,680-இல் நிற்பார்.

அதே வினாவில் 1,680-ஐ எடுத்துவிட்டு, 800-ஐ அங்கே வைத்து, ‘எதுவுமில்லை’ என்பதைச் சரியான விடையாக்கினால் என்ன ஆகும்? 1,780 என்று தவறாகக் கூட்டியவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். பட்டியலில் இடம்பெறாத எந்தத் தவறுக்கும் அதே சலுகைதான். எனவே இந்த வடிவத்தைப் பயன்படுத்துவதென்றால், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் விளைவுகள் எல்லாம் மற்ற மூன்று இடங்களில் அடங்கிவிட வேண்டும். பல படிகள் உள்ள கணக்கில் அது நடக்காது; ஓரிரு படிக் கணக்கில்தான் நடக்கும்.

விடையின் துல்லியத்தையும் கவனிக்க வேண்டும். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பை 3.14 கொண்டு கணக்கிட்டால் 314 ச.செ.மீ. 22/7 கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 314.29. பட்டியலில் 314 மட்டும் இருந்தால் இரண்டாமவர் அதையே குறிப்பார். வித்தியாசம் சிறியது என்று அவருக்கே புரியும். கூடவே ‘எதுவுமில்லை’ இருந்தால் அவர் அதைக் குறிப்பதில் தவறில்லை. π-க்கு எந்த மதிப்பை எடுக்க வேண்டும், எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று வினாவிலேயே சொல்லாவிட்டால், நன்றாகக் கணக்குப் போட்டவர்தான் மதிப்பெண் இழப்பார்.

எத்தனை முறை என்பதும் முக்கியம். ‘எதுவுமில்லை’ எப்போதாவது தலைகாட்டினால் மாணவர்கள் அதையே விடை என்று ஊகிப்பார்கள். எப்போதும் தவறாகவே வந்தால் இரண்டாவது பக்கத்திலேயே அதை ஒதுக்கிவிடுவார்கள். நான்கு விடைகள் உள்ள தாளில், அது பன்னிரண்டு கணக்குகளில் வந்தால் ஏறக்குறைய மூன்றில் சரியான விடையாக இருக்க வேண்டும்.

இரண்டு தொடர்களும் குறைசொல்ல முடியாதபடி பொருந்தும் இடம் ஒன்று உண்டு: எண்ணிக்கை வினா. ‘மேற்கண்ட கூற்றுகளில் எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை’ என்ற வடிவம் மத்தியத் தேர்வாணையத்தின் 2023 குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் மிகுதியாக வந்தது. இங்கே ‘மூன்றும்’, ‘எதுவுமில்லை’ ஆகியவை இடத்தை நிரப்ப வந்தவை அல்ல. பூஜ்யம் முதல் மூன்று வரையிலான வரிசையின் இரு முனைகள். ஆனால் இந்த வடிவத்துக்கும் ஓட்டை உண்டு. முதல் கூற்று மட்டும் சரியாக இருக்கும்போது, இரண்டாவது மட்டும் சரி என்று நினைத்தவரும் ‘ஒன்று மட்டும்’ என்று குறித்து மதிப்பெண் பெறுவார்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் ஐந்தாவதாக வரும் ‘விடை தெரியவில்லை’ என்ற வட்டத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வினாவுக்கான விடையே அல்ல. வெற்றிடமாக விட்ட வட்டத்தைப் பிறகு யாரும் நிரப்பிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. கணினித் தேர்வுகளில் விடைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும்போது ‘மேற்கண்ட அனைத்தும்’ முதல் இடத்துக்கே வந்துவிடுவதும் உண்டு. அதற்கு மேலே எதுவும் இருக்காது. அந்த வினாவுக்கு மட்டும் கலைத்தலை நிறுத்திவைக்க வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகு வினா சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 40 பேர் எழுதிய வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற 11 பேரின் தாள்களையும், குறைவாகப் பெற்ற 11 பேரின் தாள்களையும் தனியே எடுத்து, ஒரு வினாவில் யார் எதைக் குறித்தார்கள் என்று எண்ண வேண்டும். சரியான விடையை முதல் குழுவில் 4 பேரும் கடைசிக் குழுவில் 6 பேரும் குறித்திருக்கிறார்கள், முதல் குழுவில் மற்றவர்கள் ‘எதுவுமில்லை’ பக்கம் போயிருக்கிறார்கள் என்றால், பிழை மாணவர்களிடம் இல்லை. அந்த வினாவை மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்குவதே முறை.