ஒழுகும் மாடிக்கு ஒரு நோட்டீஸ்

புது வீட்டின் மொட்டை மாடி ஒழுகுகிறது. ‘வேலை மோசம்’ என்று பொத்தாம்பொதுவாக நோட்டீஸ் அனுப்பினால் காண்டிராக்டர் நழுவிவிடுவார். இடம் சொல்லி எழுத வேண்டும்: மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்ததில் வடமேற்கு மூலைக்குக் கீழே, படுக்கையறைக் கூரையில் கசிவு, அதே மூலையில் தட்டோடுகளைத் தட்டினால் பொள்ளல் சத்தம். தேதியிட்ட படங்களும் கூடவே போகட்டும்.

திருத்தக் கெடு ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவே. இல்லையென்றால் நியாயமான நாட்கள். அடைமழையில் ஏழு நாள் கெடு வீண்தான், ஈரத் தளத்தில் பெரும்பாலான நீர்த்தடுப்புப் பூச்சுகள் சரியாக ஒட்டாது.

கெடு தாண்டினால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, செலவைப் பிடித்தம் வைத்த பணத்தில் கழிப்போம் என்று எழுதலாம், ஒப்பந்தம் இடம் தந்தால். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் கசிவைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்ததால் பெருகிய சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.