எடுத்த வில்லை எங்கே போனது?

டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657-ஆம் ஆண்டு பகடையாட்டக் கணக்குகளைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிகழ்தகவைப் பற்றி அச்சில் வந்த முதல் நூலாக அதைத்தான் சொல்வார்கள். அதன் முடிவில் ஐந்து கணக்குகளை வாசகர்கள் போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார். அவற்றில் இரண்டாவது கணக்கு பார்ப்பதற்கு மிக எளிது.

மூன்று பேர் ஆடுகிறார்கள். 12 வில்லைகள் இருக்கின்றன. 4 வெள்ளை, 8 கறுப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கொரு வில்லை எடுக்க வேண்டும். முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர், மறுபடி முதலாமவர் என்று முறை சுற்றி வரும். யார் முதலில் வெள்ளையை எடுக்கிறாரோ அவருக்கே வெற்றி. மூவரின் வாய்ப்புகளும் என்ன விகிதத்தில் இருக்கும்?

சில ஆண்டுகள் கழித்து, 1665-இல், ஹைகன்ஸும் யோஹான் ஹூட்டேவும் இந்தக் கணக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஹூட்டே தேர்ந்த கணித அறிஞர்; பின்னாளில் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். இருவருடைய விடைகளும் ஒத்துப்போகவில்லை. காரணம், இருவரும் போட்டது வேறு வேறு கணக்கு. கறுப்பு வில்லை வந்தால் அதைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்தவர் எடுப்பார் என்று ஹைகன்ஸ் நினைத்திருந்தார். எடுத்தது எடுத்ததுதான், வெளியிலேயே இருக்கும் என்று ஹூட்டே நினைத்தார். கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்ப்போம்.

வில்லை திரும்ப உள்ளே போகிறது என்றால், யார் எப்போது கை விட்டாலும் வெள்ளை வரும் வாய்ப்பு 12-இல் 4, அதாவது மூன்றில் ஒன்று. முதலாமவர் தவறவிட மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவர் தவறவிட்டதும், சற்று முன் முதலாமவர் நின்ற அதே நிலையில் இப்போது இரண்டாமவர் நிற்கிறார். உள்ளே அதே 12 வில்லைகள். ஆகவே இரண்டாமவரின் பங்கு முதலாமவருடையதில் மூன்றில் இரண்டு. மூன்றாமவரின் பங்கு இரண்டாமவருடையதில் மூன்றில் இரண்டு. விகிதம் 9 : 6 : 4. முதலாமவர் வெல்லும் வாய்ப்பு 19-இல் 9, ஏறத்தாழ 47.4 விழுக்காடு.

வில்லை வெளியிலேயே இருக்கிறது என்றால் இந்தக் குறுக்குவழி உதவாது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது மாறுகிறது. முதல் முறையிலேயே வெள்ளை வரும் வாய்ப்பு 4/12. இரண்டாம் முறையில்தான் வெள்ளை வர வேண்டுமென்றால் முதலில் கறுப்பு வந்து, மிச்சமுள்ள 11-இல் ஒரு வெள்ளை வர வேண்டும்; அது 8/12 × 4/11. மூன்றாம் முறை 8/12 × 7/11 × 4/10. இப்படியே போனால் ஒன்பதாம் முறையில் ஆட்டம் கட்டாயம் முடிந்துவிடும், ஏனென்றால் கறுப்பு எட்டுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் 495 என்ற பொது வகுத்தியில் எழுதினால் முதல் முறை முதல் ஒன்பதாம் முறை வரை 165, 120, 84, 56, 35, 20, 10, 4, 1 என்று வரும். கூட்டினால் சரியாக 495. முதலாமவருக்கு உரியவை ஒன்று, நான்கு, ஏழாம் முறைகள்: 165 + 56 + 10 = 231. இதேபோல இரண்டாமவருக்கு 159, மூன்றாமவருக்கு 105. சுருக்கினால் 77 : 53 : 35. முதலாமவரின் வாய்ப்பு 46.7 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

ஏன் குறைந்தது? முதலாமவர் ஒரு கறுப்பை எடுத்து வெளியே வைத்ததும் உள்ளே 11 வில்லைகள்தான், வெள்ளை நான்கும் அப்படியே இருக்கிறது. இரண்டாமவர் கை விடும்போது அவருக்கு 4/11, அதாவது 36 விழுக்காட்டுக்கு மேல். முதலாமவர் தோற்றது மட்டுமில்லை, அடுத்தவருக்கு வழியையும் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டார். திரும்பப் போடும் ஆட்டத்தில் இந்த உதவி கிடையாது.

யாக்கோப் பெர்னூலி ஹைகன்ஸின் நூல் முழுவதையும் தம் உரையோடு தம்முடைய நிகழ்தகவு நூலில் முதல் பகுதியாகச் சேர்த்தார். 1705-இல் அவர் இறந்த பிறகு, 1713-இல் அது அச்சாகியது. இந்தக் கணக்குக்கு வந்தபோது எந்த விடை சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லப் புறப்படவில்லை. கேள்வியை எத்தனை விதமாக வாசிக்கலாம் என்று முதலில் பார்த்தார். முன்னவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு என்று காட்டினார்: 12 வில்லைகள் மூவருக்கும் பொதுவானவையா, இல்லை ஆளுக்கு 12 வில்லைகளா?

ஆளுக்கொரு பை, ஒவ்வொன்றிலும் 4 வெள்ளை, 8 கறுப்பு, எடுத்தது திரும்பாது என்று வைத்துக்கொண்டால் முதலாமவரின் வாய்ப்பு 48.1 விழுக்காடாக ஏறுகிறது. இப்போது அவர் எடுத்துப்போட்ட கறுப்பு அவருடைய பையை மட்டுமே இளைக்க வைக்கிறது. இரண்டாமவர் தம் பையில் முதன்முறை கை விடும்போது பழையபடி மூன்றில் ஒன்றுதான். ஆயிரம் ரூபாய் பந்தயப் பணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே நியாயமாகப் பங்கிட வேண்டுமென்றால், முதலாமவருக்கு மூன்று வாசிப்புகளிலும் முறையே ஏறத்தாழ 474, 467, 481 ரூபாய் சேரும். பதினான்கு ரூபாய் வரை வித்தியாசம். கூட்டலிலும் பெருக்கலிலும் யாரும் பிழை செய்யாமலே வந்த வித்தியாசம் இது.

நம் பிள்ளைகளின் தேர்வுத்தாள்களிலும் இதே குறை தலைகாட்டுகிறது. ‘ஒரு பையில் 4 வெள்ளைப் பந்துகளும் 8 கறுப்புப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் வெள்ளையாக இருக்க நிகழ்தகவு என்ன?’ திரும்ப வைத்தால் 1/9, வைக்காவிட்டால் 1/11. மாணவர் 1/9 என்று எழுதி, விடைக்குறிப்பில் 1/11 இருந்தால் மதிப்பெண் போய்விடும். அந்த மாணவருக்கு நிகழ்தகவு தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

ஆகவே பேனாவை எடுக்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. எடுத்தது உள்ளே திரும்புகிறதா என்பது முதல் கேள்வி. திரும்புகிறது என்றால் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்தது எடுக்கப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும். குலுக்காமல் மேலே வைத்துவிட்டால் திரும்ப வைத்ததற்குப் பொருளே இல்லை. ஒரே பையா, பல பைகளா என்பது பெர்னூலி கற்றுக்கொடுத்த கேள்வி. கேள்வி கேட்டவர் எதிரில் இருந்தால் இவற்றைக் கேட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதிரில் இல்லையென்றால் கேள்விக்குள்ளேயே தடயம் தேட வேண்டும். ‘ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள்’ என்றிருந்தால் திரும்ப வைக்க இடமே இல்லை. வரிசையாக எடுத்து வெளியே வைப்பதற்குச் சமம், விடை 1/11. பையில் இருப்பதைவிட அதிகமான முறை எடுக்கச் சொன்னால் திரும்ப வைத்தே ஆக வேண்டும். எடுத்த பொருள் அழிந்துபோகிறது என்றால், எடுத்த மிட்டாயைத் தின்றுவிட்டார்கள், பட்டாசைக் கொளுத்திப் பார்த்தார்கள் என்பது போல, அது திரும்பாது. பகடை உருட்டுவதும் நாணயம் சுண்டுவதும் இயல்பிலேயே திரும்ப வைப்பது போலத்தான். ஆறு விழுந்ததால் பகடையிலிருந்து ஆறு காணாமல் போவதில்லை.

சில சமயம் எடுப்பதன் நோக்கமே சொல்லிவிடும். இருபது பேர் சேர்ந்து நடத்தும் மாதக் குலுக்குச் சீட்டில், பணம் எடுத்தவர் பெயரை மறுமாதம் போட மாட்டார்கள், ஏனென்றால் இருபது மாதத்தில் எல்லாருக்கும் ஒருமுறை கிடைக்க வேண்டும். முதல் ஐந்து மாதத்துக்குள் உங்கள் பெயர் வர வாய்ப்பு 5/20, அதாவது 25 விழுக்காடு. மாதந்தோறும் எல்லாப் பெயர்களையும் மறுபடி போட்டுக் குலுக்கும் ஒரு பரிசுத் திட்டத்தில், அதே இருபது பேருக்குள், ஐந்து மாதத்தில் ஒருமுறையாவது உங்கள் பெயர் வர வாய்ப்பு 22.6 விழுக்காடுதான். முன்பே பரிசு பெற்றவர் பெயர் மறுபடியும் வரக்கூடும் என்பதால் குறைகிறது.

எந்தத் தடயமும் இல்லாதபோதும் பதற வேண்டாம். எப்படி வைத்துக்கொண்டாலும் ஒரே விடை வரும் கேள்விகளும் உண்டு. அதே 12 வில்லைகளில் ‘இரண்டாவதாக எடுப்பது வெள்ளையாக இருக்க வாய்ப்பென்ன?’ என்று கேட்டால், முதலில் வந்தது என்னவென்று தெரியாதவரை, திரும்ப வைத்தாலும் வைக்காவிட்டாலும் 1/3 தான். வைக்காத கணக்கில் முதலில் வெள்ளை வந்திருந்தால் 4/12 × 3/11, கறுப்பு வந்திருந்தால் 8/12 × 4/11. கூட்டினால் 44/132, அதுவே 1/3. இதேபோல மூன்று வில்லைகள் எடுத்தால் சராசரியாக எத்தனை வெள்ளை எதிர்பார்க்கலாம் என்பதற்கும் இரண்டு வழியிலும் ஒன்று என்றே விடை. முதலில் வந்ததும் இரண்டாவதாக வந்ததும் சேர்ந்து என்னவாக இருக்கும் என்று கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன.

பை பெரிதானால் அந்தப் பிரிவும் மங்கிவிடும். 12-க்குப் பதில் 12,000 வில்லைகள், அவற்றில் 4,000 வெள்ளை என்றால், இரண்டும் வெள்ளையாக வர திரும்ப வைத்தால் 11.111 விழுக்காடு, வைக்காவிட்டால் 11.109. இதனால்தான் மாதிரி எடுத்துக் கணக்கிடும் புள்ளியியலாளர்கள், எடுத்தது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதவரை திரும்ப வைத்ததாகவே பாவித்துக் கணக்கை எளிதாக்கிக்கொள்கிறார்கள். 12 வில்லைகளில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரே ஒரு வில்லைகூட மொத்தத்தில் எட்டு விழுக்காட்டுக்கு மேல்.

இத்தனைக்குப் பிறகும் கேள்வி தெளியவில்லையென்றால், ‘எடுத்த பந்து திரும்ப வைக்கப்படவில்லை என்று கொண்டு’ என்று விடைத்தாளின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். நேரம் இருந்தால் மற்ற வாசிப்புக்கும் விடையை எழுதுங்கள். பெர்னூலி செய்ததும் இதுவே. திருத்துகிற ஆசிரியர்கள் அந்த முதல் வரியைப் பார்த்து மதிப்பெண் தர வேண்டும். வினாத்தாள் எழுதுகிறவர்களோ ‘திரும்ப வைத்து’ அல்லது ‘திரும்ப வைக்காமல்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால், மாணவருக்கு ஊகிக்கும் வேலையே இருக்காது.