போட்டோவில் அலாய் வீல்: முத்திரையை நம்பாதே, நடு ஓட்டையைப் பார்

போன சாரல் சீசனில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்பினான். அவன் தென்காசியில் டிசையர் ஓட்டுகிறான். சீசன் மூன்று மாசம் குற்றாலம் சவாரி, மத்த நாளில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை போய் வருவான். போட்டோவில் நான்கு 15 இஞ்ச் அலாய் வீல். கீழே, "அண்ணே, கம்பெனி வீலாம். புது வண்டில இருந்து கழட்டுனதுன்னு சொல்லுதான். நாலும் சேத்து பதினாலாயிரம். பாத்து சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

நான் சாஃப்ட்வேர்காரன், மெக்கானிக் இல்லை. ஆனால் போட்டோவை வைத்து ஒரு பொருளைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பது எனக்குப் பிடித்த கேள்வி. அந்த ஆறு போட்டோவில் நான் ஒரு தடவை தப்பாகப் போய், பிறகு சரியான இடத்துக்கு வந்த கதைதான் இது.

முன்பக்கத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. நடுவில் இருக்கும் சுசுகி 'எஸ்' மூடி பிளாஸ்டிக். எந்த ஆக்சசரி கடையிலும் கிடைக்கும். வீலின் பிறப்புச் சான்றிதழ் முதுகில் இருக்கிறது. வார்க்கும்போதே அங்கே அளவு, ஆஃப்செட், தாங்கும் எடை, செய்தவரின் முத்திரை, வார்த்த மாதம் எல்லாம் எழுத்தாக விழும். இந்த செட்டின் முதுகிலும் ஒரு 'எஸ்' முத்திரை இருந்தது. தம்பி அதைப் பார்த்துத்தான் நம்பியிருந்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து உள்ளே குழிந்திருந்த மாதிரி தெரிந்தது. சரி, மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். ஏனென்றால் வார்ப்பு எழுத்து சாதாரணமாகப் புடைத்துத்தான் நிற்கும். இரும்பு அச்சில் எழுத்தைக் குடைந்திருப்பார்கள், உருகிய அலுமினியம் அந்தக் குழியை நிரப்பும், வெளியே வரும்போது மேடாக வரும். பிறகு யாராவது குத்தியோ செதுக்கியோ போட்ட எழுத்துதான் பள்ளமாக இருக்கும். உடனே தம்பிக்கு "டூப்ளிகேட்டுல" என்று அனுப்பிவிட்டேன்.

அவசரம்தான். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்வது நம் கண்ணின் பழக்கம். போட்டோவில் வெளிச்சம் கீழிருந்து வந்திருந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். நிலாவின் பள்ளங்கள் சில படத்தில் கொப்புளம் மாதிரி தெரிவதும் இதனால்தான். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. அதே படத்தில் நிச்சயமாகப் பள்ளம் என்று தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். வீலில் அது நட்டு ஓட்டை. ஓட்டைக்குள் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, எழுத்தின் நிழல் எந்தப் பக்கம் என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் என்றால் எழுத்தும் பள்ளம். எதிர்ப்பக்கம் என்றால் மேடு.

இந்தப் படத்தில் எதிர்ப்பக்கம். வீலைத் தரையில் சாய்த்து வைத்து, கீழே டார்ச் வைத்து எடுத்திருக்கிறார்கள். எழுத்து ஒழுங்காக வார்த்த மேடுதான். தம்பியிடம் "இரு, நான் சொன்னது தப்பு" என்று அடுத்த மெசேஜ் போட வேண்டியதாயிற்று. "என்னண்ணே நீங்க" என்றான்.

முத்திரையைச் சுற்றி மெல்லிய சதுரக் கோடு ஒன்றும் தெரிந்தது. அச்சில் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய துண்டு இருந்தால் அதன் ஓரம் வார்ப்பில் இப்படிக் கோடாக விழும். மாதக் கடிகாரத்தைச் சுற்றி இப்படி இருப்பது சகஜம். ஒரு வட்டம், அதில் 1 முதல் 12 வரை, நடுவில் வருஷமும் அம்பும். அதைத் திருப்பியோ மாற்றியோ வைக்க வேண்டும் என்பதால் அது தனித் துண்டாகத்தான் இருக்கும். முத்திரையே கழற்றி மாட்டும் துண்டாக இருந்தால், அதே அச்சில் நாளைக்கு வேறு கம்பெனி பெயரும் விழலாம். சந்தேகம் கூடியது. ஆனால் நியாயமான தொழிற்சாலைக்கும் துண்டு வைக்கக் காரணம் இருக்கலாம் இல்லையா? ஆகவே இதுவும் தீர்ப்பு ஆகாது.

ஜேடபிள்யூஎல் என்ற எழுத்தும் இருந்தது. நிறைய பேர் இதைப் பார்த்ததும் "ஜப்பான் ஸ்டாண்டர்டு" என்று திருப்தி ஆகிவிடுவார்கள். வளைவுச் சோர்வு, சுமையோடு உருளும் சோர்வு, மோதல் என்று மூன்று வகை சோதனையில் தேறியது என்று அர்த்தம். ஆனால் அதைப் போட்டுக்கொள்வது தயாரிப்பவரே. பக்கத்தில் விஐஏ இருந்தால் ஜப்பானில் வெளி அமைப்பு ஒன்றில் பதிவானது என்று பொருள். அதற்கு மதிப்பு கொஞ்சம் அதிகம். இரண்டையுமே அச்சில் குடைய அரை நாள் போதும் என்பதுதான் சிக்கல்.

இங்கே எனக்கு ஒன்று புரிந்தது. முத்திரை என்பது போலி செய்கிறவன் கவனம் வைத்துச் செய்யும் இடம். அவன் கவனம் வைக்காத, வைத்தாலும் மாற்ற முடியாத இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடம் நடு ஓட்டை.

வண்டியின் ஹப் நடுவில் ஒரு உருளை நீட்டிக்கொண்டிருக்கும். கார் கம்பெனி தன் வண்டிக்கென்று செய்யும் வீலின் நடு ஓட்டை அந்த உருளையில் கச்சிதமாக உட்காரும். ஸ்விஃப்ட், டிசையருக்கு அது 54.1 மில்லிமீட்டர். நான்கு நட்டுகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். வெளிச்சந்தை வீல் செய்கிறவர் நிலைமை வேறு. அதே நான்கு நட்டு, அதே 100 வட்டம் உள்ள பல கம்பெனி வண்டிகளுக்கும் ஒரே வீலை விற்க வேண்டும். ஆகவே ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 என்று விட்டுவிட்டு, இடைவெளிக்கு ஒரு வளையம் போடச் சொல்வார்.

இதை அளக்க ஸ்கேல் வேண்டாம், போட்டோவிலேயே ஸ்கேல் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு ஓட்டை என்றால் அவை ஒரு சதுரம். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத் தூரம் 100/√2, அதாவது 70.7. போட்டோ சாய்வாக இருந்தால் சதுரம் கோணலாகத் தெரியும். அதை நிமிர்த்திவிட்டால் அந்தத் தளத்தில் எதையும் மில்லிமீட்டரில் அளக்கலாம்.

```python
import cv2, numpy as np
src = np.float32([[412,388],[655,401],[640,649],[398,630]])
dst = np.float32([[400,400],[1107,400],[1107,1107],[400,1107]])
H = cv2.getPerspectiveTransform(src, dst)
out = cv2.warpPerspective(cv2.imread("back.jpg"), H, (1507,1507))
cv2.imwrite("flat.jpg", out)
```

`src` என்பது போட்டோவில் நான் கிளிக் செய்த நான்கு ஓட்டைகளின் மையம். `dst`-இல் சதுரத்தின் பக்கம் 707 பிக்சல், அதாவது 10 பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். சரியாகக் கிளிக் செய்தோமா என்பதை நடு ஓட்டையே சொல்லிவிடும்: நிமிர்ந்த படத்தில் அது வட்டமாக வர வேண்டும், முட்டையாக வந்தால் மறுபடி கிளிக் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு ஹப்பில் ஒட்டும் தட்டையான முகத்துக்கு மட்டும்தான். ஆரத்தின் முதுகில் உள்ள எழுத்துகள் வேறு ஆழத்தில் இருக்கின்றன, அவற்றை இப்படி அளந்தால் பிசகும்.

எனக்கு 726 பிக்சல் வந்தது. 72.6 மில்லிமீட்டர். மங்கலான போட்டோ, ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் 54.1 ஆக இருக்க வழியே இல்லை.

பிறகுதான் தோன்றியது, கோடே வேண்டியதில்லை. நேராக எடுத்த படமாக இருந்தால் கண்ணே போதும். 54.1 ஓட்டையின் குறுக்களவு, பக்கத்து நட்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை விடத் தெளிவாகக் குறைவு. 73.1 என்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளே வளையம் மாட்டியிருந்தால் மட்டும் ஏமாறலாம். வளையத்தின் நிறம் வேறாக இருக்கும், உற்றுப் பாருங்கள்.

ஆக, வீல் டிசையருக்கென்று பிறந்தது இல்லை. எல்லோருக்கும் என்று பிறந்து, முதுகில் சுசுகி எழுத்தோடு நிற்கிறது. 73.1 ஓட்டை தன்னளவில் குற்றம் கிடையாது. நல்ல வெளிச்சந்தை வீல் வளையத்தோடு வருஷக்கணக்கில் ஓடும். அவர் தன் பெயரைப் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1999 வணிக முத்திரைச் சட்டம் 30-ஆம் பிரிவில், ஒரு உதிரி பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல அந்த வண்டியின் பெயரைப் பயன்படுத்தலாம். குரோம் ஆக்சசரி செய்த பிரியஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ் மீது டொயோட்டா போட்ட வழக்கு பிரபலம். 'பிரியஸ்' பெயர் விஷயத்தில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்த்தது. 'டொயோட்டா', 'இன்னோவா' பெயர்களை எந்த வண்டிக்கு என்று காட்ட மட்டும் போடலாம், டொயோட்டாவின் எழுத்து பாணியில் போடக்கூடாது என்பது டெல்லி உயர் நீதிமன்றம் வைத்த நிபந்தனை. "டிசையருக்குப் பொருந்தும்" என்று அட்டைப்பெட்டியில் எழுதுவது ஒன்று, 'எஸ்' முத்திரையை உலோகத்தில் வார்ப்பது வேறு. பின்னதற்கு 103-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, விற்கிறவனுக்கு 104.

போட்டோவில் கடைசி வரை தெரியாத ஒன்று உலோகம். வார்ப்புக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா, சூட்டுப் பதம் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பதைத் தொழிற்சாலையில் எக்ஸ்ரேயும் சோதனை இயந்திரமும்தான் சொல்லும். இந்த வீல் ஆரியங்காவு இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து விரியும் என்று நான் சொல்லவில்லை. விரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு முதுகில் இருக்கும் பெயர் உதவாது, அவ்வளவுதான். இந்தியாவில் செய்த வீலாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 16192 என்ற தர எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் மூன்றையும் தேடுங்கள். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வரும். எண்ணைக் காப்பி அடிக்கலாம், ஆனால் செயலியில் வரும் பெயரும் வீலில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டுமே. தம்பி அனுப்பிய ஆறு படத்தில் அந்த எண்ணே இல்லை.

மறுநாள் விற்கிறவர் ஐந்தருவி பார்க்கிங்குக்கு வீலைக் கொண்டுவந்தார். தம்பி லேத் பட்டறையிலிருந்து வெர்னியர் வாங்கி வந்திருந்தான். நடு ஓட்டையில் வைத்தான். 73.0. அவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது யூனிவர்சல் மாடல், எல்லா வண்டிக்கும் ஏறும்" என்றார். "அப்ப இந்த எஸ்ஸு எதுக்கு அண்ணாச்சி?" என்று இவன் கேட்டதற்குப் பதில் வரவில்லை, விலை மட்டும் ஒன்பதாயிரத்துக்கு இறங்கியது.

இவன் வாங்கவில்லை. டிசையர் இன்னும் இரும்பு ரிம்மில்தான் ஓடுகிறது.