இசைக்கு அடியில் சிக்கிய குரல்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்தும் ஒரு குடும்பத்திற்காக, சில ஆண்டுகளுக்கு முன்பு 12 நிமிடக் காணொளி ஒன்று செய்து கொடுத்தோம். பின்னணிக் குரல் என்னுடையது. படத்தொகுப்பு என் நண்பருடையது. கடையைத் தொடங்கிய தாத்தா 40 நிமிடம் பேசினார். அதில் மூன்று நிமிடம்தான் காணொளியில் வந்தது. கடையின் ஆண்டு விழாவில் திரையிட்டார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். நாங்களும் ஒரே ஒரு எம்பி4 கோப்பை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இரண்டு ஆண்டு கழித்துத் தாத்தா காலமானார். பேரன் அழைத்தார். "அக்கா, பதினாறாம் நாள் காரியத்துல தாத்தா பேசுனதைப் போடணும். பாட்டு இல்லாம, அவர் குரல் மட்டும் கிடைக்குமா?"

கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்த எம்பி4-இல் இசையும் குரலும் ஒரே ஒலித்தடத்தில் கலந்திருந்தன. நண்பர் தொகுப்பு மென்பொருளைத் திறந்தார். ஒவ்வொரு காட்சியும் சிவப்புத் திரையாக வந்தது, அதன்மேல் Media Offline என்ற எழுத்து. தொகுப்புக் கோப்பில் இருப்பது எந்தக் காட்சியை எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டுமே; படம் அதில் இல்லை. படம் இருந்த ஹார்ட் டிஸ்கை இடப்பற்றாக்குறையால் எப்போதோ அழித்திருந்தோம். 40 நிமிடப் பேச்சில் மிஞ்சியது இசைக்கு அடியில் கிடந்த அந்த மூன்று நிமிடம்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழியத் தொடங்கின. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதுதான் படத்தை மீட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கணினி இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் காணொளியையும் நான்கு பகுதியாகத்தான் ஒப்படைக்கிறோம். அதே குடும்பம் இந்த ஆண்டு பாட்டியைப் பற்றி இன்னொரு காணொளி கேட்டார்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

மாஸ்டர் கோப்பு

கைப்பேசியில் பார்ப்பதற்கான எம்பி4 மாஸ்டர் ஆகாது. அது ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது. அதிலிருந்து இன்னொன்று செய்தால் தரம் மேலும் குறையும். மாஸ்டரை நாங்கள் புரோரெஸ் 422 எச்கியூ வடிவத்தில், வினாடிக்கு 25 பிரேம் வீதம் எடுக்கிறோம். 1080 அளவில் இது வினாடிக்குச் சுமார் 184 மெகாபிட். அதாவது 12 நிமிடத்திற்கு ஏறக்குறைய 16.5 ஜிபி. அதே காணொளி எம்பி4-இல் 1 ஜிபிக்கும் குறைவு.

இங்கே ஒரு சிறு சிக்கல் வரும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் பழைய FAT32 அமைப்பில் இருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. டிரைவில் 64 ஜிபி காலியாக இருந்தாலும் 'கோப்பு பெரியது' என்று மறுத்துவிடும். exFAT அமைப்பில் மறுபடி வடிவமைத்தால் போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால், முதலில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

மாஸ்டருடன் இன்னும் இரண்டு தருகிறோம். ஒன்று, திரையில் எந்த எழுத்தும் இல்லாத பிரதி. இன்னொன்று, குரல், இசை, சுற்றுப்புற ஒலி ஆகிய மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக. பேரன் அன்று கேட்டது இந்தக் குரல் கோப்பைத்தான்.

கேப்ஷன் கோப்பு

பாட்டி பேசுவது தமிழில். பேரப்பிள்ளைகளின் நண்பர்களுக்கு மலாயும் ஆங்கிலமும் வேண்டும். எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஆகவே மொழிக்கு ஒரு எஸ்ஆர்டி கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்புதான்:

```
41
00:05:12,400 --> 00:05:15,800
அந்தக் காலத்துல மிளகா
சாக்குலதான் வரும்.
```

வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பிறகு வசனம். வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே காற்புள்ளி வர வேண்டும், புள்ளி அல்ல. சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ANSI என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பை மூடிவிட்டால் எழுத்துகள் திரும்பி வராது.

இந்த முறை எங்களுக்கு ஒரு தவறு நடந்தது. கேப்ஷன் தயாரான பிறகு, ஐந்தாவது நிமிடத்தில் ஆறு வினாடிக் காட்சி ஒன்றை எடுத்துவிடச் சொன்னார்கள். காணொளியை வெட்டினோம், எஸ்ஆர்டியை மறந்தோம். தொடக்கத்தைப் பார்த்தால் எல்லாம் சரி. ஐந்து நிமிடத்திற்குப் பிறகு எல்லா வரிகளும் ஆறு வினாடி தாமதம். ஆகவே முதல் வரி, நடு வரி, கடைசி வரி ஆகிய மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். ஓரிடத்திலிருந்து ஒரே அளவு பிசகினால், வெட்டோ சேர்ப்போ காரணம். அங்கிருந்து எல்லா நேரத்தையும் நகர்த்தினால் சரியாகும். போகப் போகப் பிசகு கூடிக்கொண்டே போனால், கேப்ஷன் வேறு பிரேம் வேகத்திற்குச் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு நகர்த்தல் உதவாது, நேரங்களை விகிதப்படி மாற்ற வேண்டும்.

தொகுப்பின் காப்பு

மூலப் படப்பதிவு, இசை, படங்கள், தொகுப்புக் கோப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டுகிறோம். பிரீமியரில் இதற்கு Project Manager இருக்கிறது. ஆனால் அது எழுத்துருவைச் சேர்க்காது. தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்புகள் கட்டம் கட்டமாகவோ வேறு உருவத்திலோ வரும். அதைக் கையால் சேர்க்க வேண்டும், உரிமம் அனுமதித்தால்.

திரட்டிய பிறகு சோதனை ஒன்றுதான். மூல ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, திரட்டிய கோப்புறையை வேறொரு கணினியில் திறக்க வேண்டும். சிவப்புத் திரை வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மூல டிஸ்க் செருகியிருக்கும்போது திறந்து பார்ப்பது சோதனையே ஆகாது. மென்பொருள் பழைய இடத்திலிருந்தே படத்தை எடுத்துக் காட்டிவிடும்.

பிறகு இரண்டு டிஸ்கில் பிரதி. ஒன்று எங்களிடம், ஒன்று குடும்பத்திடம், வேறு வேறு வீட்டில். பிரதி முழுதாக வந்ததா என்று பார்க்க, விண்டோஸில் இரு பக்கமும் இந்தக் கட்டளையைக் கொடுத்து வரும் நீண்ட எண்ணை ஒப்பிடுகிறோம்:

```
certutil -hashfile PAATTI_MASTER.mov SHA256
```

ஓர் எழுத்து வேறுபட்டாலும் மறுபடி நகலெடுக்க வேண்டும்.

ஒப்படைப்புக் குறிப்பு

ஒரே பக்கம், அச்சிட்ட தாள். எந்தக் கோப்பு எதற்கு: 'கைப்பேசிக்கு இது, மண்டபத் திரைக்கு இது, இதை மட்டும் யாரும் அழிக்க வேண்டாம்.' இசையை எங்கே வாங்கினோம், உரிமம் எதுவரை, யூடியூபில் போடலாமா. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு. எங்கள் பிரதியை எத்தனை ஆண்டு வைத்திருப்போம், அதன்பின் பொறுப்பு யாருடையது. கடைசி வரியை முன்பு எழுதியதில்லை. தாத்தாவின் பதிவை நாங்கள் அழித்தபோது, அது எங்களிடம் பத்திரமாக இருப்பதாகக் குடும்பத்தினர் நினைத்திருந்தார்கள்.

பாட்டியின் டிஸ்கைக் கொடுத்தபோது நாங்கள் எதையும் தொடவில்லை. பேரனையே தாளைப் பார்த்து, தன் மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னோம். குறிப்பில் குழப்பம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், பேனாவால் திருத்தினோம். கடைசியாகக் குரல் கோப்பைத் திறந்தார். இசை இல்லாமல் பாட்டி பேசினார். உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த பாட்டி, "யாரு அது, என்னை மாதிரியே பேசுறது?" என்று கேட்டார்.