தொடையும் அடிவயிறும் ஏன் கடைசியில் இளைக்கின்றன?

அண்மையில் படிவம் 5 மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, 'உடல் பருமனைத் தவிர்க்கும் வழிகள்'. பலரின் தாளில் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருந்தது: "வயிற்றுக்கான உடற்பயிற்சிகளைச் செய்தால் வயிற்றிலுள்ள கொழுப்பு கரைந்துவிடும்." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால், கருத்துதான் தவறு.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். பாடம் முடிந்த பிறகு ஒரு மாணவி தனியே வந்தாள். "டீச்சர், நான் மூனு மாசமா காலைல பசியாறாமதான் வர்றேன். முகம், கையெல்லாம் மெலிஞ்சிருச்சி. தொடை மட்டும் அப்படியே இருக்கு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். மரபணுவுல இருந்தா ஒன்னுமே செய்ய முடியாதா டீச்சர்?"

அவளுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் அதைத் திருத்தும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

கொழுப்பு எப்படி வெளியேறுகிறது?

நம் உடலில் கொழுப்பு, கொழுப்பணுக்கள் என்னும் சிறு பைகளில் சேமிக்கப்படுகிறது. நாம் உண்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும்போது அட்ரினலின் போன்ற சுரப்புநீர்கள் இரத்தத்தின் வழியாக அந்தப் பைகளிடம் செல்கின்றன. பை திறக்கிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு சிறு துண்டுகளாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது.

அந்தத் துண்டுகள் பக்கத்தில் இருக்கும் தசைக்கு மட்டும் போவதில்லை. இரத்தம் உடல் முழுக்க ஓடுகிறது அல்லவா? வயிற்றிலிருந்து புறப்பட்ட கொழுப்பை இதயமோ கால் தசையோ பயன்படுத்தலாம். அதுபோலவே, வயிற்றுத் தசை வேலை செய்யும்போது அதற்கு வேண்டிய கொழுப்பு முதுகிலிருந்தும் வரலாம். வேலை செய்யும் தசைக்கு அருகில் கொழுப்பு சற்றே கூடுதலாக வெளியேறுவதை அளந்தவர்கள் உண்டு. ஆனால், கண்ணாடியில் தெரியும் அளவுக்கு அது பெரிதன்று.

1984-இல் அமெரிக்காவில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 13 ஆண்கள், 27 நாள்களில் ஆளுக்கு 5004 முறை 'சிட்-அப்' செய்தார்கள். சராசரியாக நாளொன்றுக்கு 185! பயிற்சிக்கு முன்னும் பின்னும் வயிறு, மேல்முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஊசியால் கொழுப்பணுக்களை எடுத்து அளந்தார்கள். மூன்று இடத்திலும் அணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடைக்கவில்லை. வயிற்றுத் தசை வலுவடைவது உண்மை. அதன்மேல் இருக்கும் கொழுப்பைப் பயிற்சி தேர்ந்தெடுத்துக் கரைப்பதில்லை.

அப்படியென்றால் தொடை ஏன் கடைசி?

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது வெறும் கணக்கு. ஒருவருக்கு மேல்கையில் கிள்ளிப் பிடிக்கும் கொழுப்பு மடிப்பு 16 மில்லிமீட்டர், தொடையில் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் கால் பங்கு குறைகிறது. கையில் 12 ஆகிவிடும். தொடையில் 30 ஆகும். கையில் போனது 4, தொடையில் போனது 10. உண்மையில் தொடையில்தான் அதிகம் போயிருக்கிறது! ஆனாலும், பார்ப்பவர் கண்ணுக்குக் கை மெலிந்துவிட்டது, தொடை இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது. எங்கே அதிகம் சேர்ந்ததோ அங்கே கடைசி வரை மிச்சம் இருக்கும். "குறையவே இல்லை" என்று நாம் சொல்வதில் பாதி, இந்தக் கண்மயக்கம்தான்.

இரண்டாவது காரணம் உடலுக்குள் இருக்கிறது. கொழுப்பணுவின் மேற்பரப்பில் அட்ரினலின் வந்து பொருந்தும் ஏற்பிகள் இரண்டு வகை. பீட்டா என்னும் வகை, "திற" என்று ஆணையிடுகிறது. ஆல்பா-2 என்னும் வகை, "மூடு" என்கிறது. ஒரே சுரப்புநீர்தான், ஆனால் எந்த ஏற்பியைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் 'மூடு' வகையின் செல்வாக்கு அதிகம். இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. அதனால் அந்தப் பைகள் தயங்கித் தயங்கித் திறக்கின்றன. தயங்குகின்றனவே தவிர, பூட்டிக்கிடக்கவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் அடிவயிறும் இடுப்பின் பக்கவாட்டும் கடைசியாக இளைக்கும். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயிற்றில் இரண்டு கொழுப்பு உண்டு. தோலுக்குக் கீழே, கையால் பிடிக்க முடிவது தோலடிக் கொழுப்பு. குடல், கல்லீரல் போன்றவற்றைச் சுற்றி இருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுவது உள்ளே இருக்கும் கொழுப்புதான். எடை குறையத் தொடங்கும்போது விகிதப்படி பார்த்தால் சீக்கிரம் குறைவதும் அதுதான். ஆகவே, பிடித்துப் பார்க்கும் சதை அப்படியே இருக்க, இடுப்புச் சுற்றளவு மட்டும் குறைந்தால் ஏமாற்றம் வேண்டாம். ஆபத்தானது முதலில் கிளம்பிவிட்டது என்றுதான் பொருள்.

மரபணு எதை முடிவு செய்கிறது?

இதற்கு ஒரு நல்ல சான்று கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வு. கிளாட் பூஷார் என்பவரின் குழு 1990-இல் இதை வெளியிட்டது. உருவொத்த இரட்டையர்கள் 12 ஜோடி; எல்லாரும் இளைஞர்கள். 100 நாள்களில் 84 நாள்கள் அவர்களுக்கு வழக்கத்தைவிட 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல்தான். ஆனால், ஒருவர் 4 கிலோ ஏறினார், இன்னொருவர் 13 கிலோ ஏறினார்.

சுவையான செய்தி என்னவென்றால், ஒரே ஜோடியைச் சேர்ந்த இருவர் மட்டும் ஒத்துப்போனார்கள். எவ்வளவு ஏறியது என்பதில் ஓரளவு ஒற்றுமை. எங்கே ஏறியது என்பதில், குறிப்பாக வயிற்றின் உட்புறக் கொழுப்பில், அதைவிட அதிக ஒற்றுமை. பிறகு அதே குழு, 7 ஜோடி இரட்டையர்களை 93 நாள்கள் உடற்பயிற்சியால் மெலியச் செய்தது. சராசரி 5 கிலோ குறைந்தது. அங்கும் ஜோடிகளுக்குள் ஒற்றுமை தெரிந்தது. ஆக, எங்கே சேரும், எந்த வரிசையில் போகும் என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாணவி தன் அம்மாவைச் சுட்டிக்காட்டியது சரிதான்.

ஆனால் 'தொடைக் கொழுப்பு மரபணு' என்று ஒன்று தனியாக இல்லை. 2015-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதத்தோடு தொடர்புடைய 49 இடங்கள் மரபுத்தொகுதியில் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அவற்றுள் 20 இடங்கள் ஆண், பெண் இருபாலரிடமும் வெவ்வேறு அளவில் செயல்பட்டன; பெரும்பாலானவை பெண்களிடம்தான் வலுவாக இருந்தன. எனவே ஒரு மரபணுச் சோதனையைச் செய்துவிட்டு, "உங்களுக்கு இந்த இடத்தில் இத்தனை வாரத்தில் குறையும்" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மரபணு தனியாகவும் ஆள்வதில்லை. பூப்பெய்தும் வயதில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்கிறது. அது வளர்ச்சி, நோயன்று. மாதவிடாய் நின்ற பிறகு அதே பெண்ணுக்கு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. மரபணு மாறவில்லை, சுரப்புநீர்தான் மாறியது.

சுருக்கமாகச் சொன்னால், மரபணு வரிசையை எழுதுகிறது. வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் முறை வரும். ஆனால் வரிசையை மாற்றிப் போட எந்தப் பயிற்சிக்கும், எந்தக் கிரீமுக்கும் முடியாது.

எங்கே தவறு நடக்கிறது?

கடைசி இடம் அசையவில்லை என்றதும் பலர் சாப்பாட்டை இன்னும் குறைக்கிறார்கள். அந்த மாணவி செய்ததும் அதுதான். பட்டினியில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். முகம் ஒட்டும், களைப்பு வரும், பாடத்தில் கவனம் சிதறும். தொடையோ தன் முறை வரும்வரை அப்படியே இருக்கும். வளரும் வயதில் மருத்துவர் சொல்லாமல் உணவைக் குறைக்கவே கூடாது.

பெரியவர்கள் தங்கள் நிலையை அறிய, கண்ணாடியைவிட அளவுநாடாவை நம்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். நம் இந்திய வம்சாவளியினருக்கு எடை அதிகம் இல்லாமலே வயிற்றின் உட்புறத்தில் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. அதனால் நமக்கான எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இந்த எண் இறங்குகிறதா என்று பாருங்க. இறங்கினால் செய்வது சரி. தொடையைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடைக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பு அளவுக்குக் கேடு செய்வதில்லை.

ஒரு விதிவிலக்கு. மேலுடல் மெலிந்தும் இரு கால்களும் மட்டும் பருத்து, தொட்டால் வலித்து, எளிதில் கன்றிப்போனால், அது வேறொரு நோயாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டுங்கள்.

கட்டுரையில் எப்படி எழுதலாம்?

பிழையான கருத்து: வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரைந்துவிடும்.

திருத்தியது: வயிற்றுப் பயிற்சி தசையை வலுப்படுத்தும், ஆனால், உடலின் எந்தப் பகுதியில் கொழுப்பு முதலில் குறையும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவும் சுரப்புநீர்களுமே தீர்மானிக்கின்றன.

என் மாணவி இப்போது பசியாறிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். "அப்ப தொடை, டீச்சர்?" என்று போன வாரமும் கேட்டாள். "வரிசையில நிக்குது. நீ சாப்பிடு," என்றேன்.