பகாக் காரணிகளும் வலுவான தொகுத்தறிதலும்

நன்னூல் கற்ற மாணவர் பகுபதம், பகாப்பதம் என்னும் பாகுபாட்டை அறிவர். பகுத்தால் பொருள் தரும் உறுப்புகளாகப் பிரிவது பகுபதம். அவ்வாறு பிரியாதது பகாப்பதம். கணிதத்தில் வழங்கும் பகு எண், பகா எண் என்னும் பெயர்களும் அதே வேரில் முளைத்தவையே. ஒன்றைவிடப் பெரிய ஒரு முழு எண்ணை, தன்னைவிடச் சிறிய இரு முழு எண்களின் பெருக்கலாக எழுத இயலுமாயின் அது பகு எண். இயலாதாயின் பகா எண். இவ்விரண்டிலும் அடங்காத எண் 1 மட்டுமே. அதனால்தான் நம் தேற்றம் 2-இலிருந்து தொடங்குகிறது.

தேற்றம் இது: ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணும் பகா எண்களின் பெருக்கலாக எழுதத்தக்கது. ஒரு பகா எண் தனித்து நிற்பதையும் ஒரே காரணி கொண்ட பெருக்கல் என்றே நாம் கொள்கிறோம். தொடக்கப் பள்ளியில் காரணி மரம் வரைந்த எவருக்கும் இது தெரிந்த செய்திதான். ஆயினும் நாம் வரைந்த மரங்கள் எண்ணத்தக்க சிலவே, எண்களோ முடிவில்லாதவை. எந்த எண்ணுக்கு வரைந்தாலும் மரம் பகா எண்களில்தான் முடியும் என்று உறுதி கூறுவதற்கு நிறுவல் வேண்டும்.

கணிதத் தொகுத்தறிதல் என்றவுடன் மாணவர் நினைவுக்கு வருவது ஏணிப்படி முறை. முதற்படியில் கூற்று உண்மை என்று காட்டுவோம். பின்னர் k-க்கு உண்மையெனக் கொண்டு k+1-க்கும் உண்மை என்று காட்டுவோம். இங்கே அம்முறையை நேரே கையாண்டு பார்ப்போம். 2024 என்னும் எண் 2×2×2×11×23 என்று தெரிந்துவிட்டதாகக் கொள்வோம். இச்செய்தியைக் கொண்டு 2025-இன் காரணிகளைப் பற்றி என்ன சொல்ல முடியும்? 2025 = 3×3×3×3×5×5. முன்னதில் உள்ள ஒரு பகா எண்கூடப் பின்னதில் இல்லை. இது தற்செயலன்று. ஒரு பகா எண் k-ஐயும் k+1-ஐயும் மீதியின்றி வகுக்குமாயின், அவற்றின் வேறுபாடாகிய 1-ஐயும் அது வகுக்க வேண்டும், அது நடவாது. எனவே அடுத்தடுத்த எண்கள் ஒரு பகாக் காரணியைக்கூடத் தமக்குள் பகிர்ந்துகொள்வதில்லை. பக்கத்து வீட்டாரிடம் கேட்டறிய இங்கே ஒன்றுமில்லை.

அப்படியாயின் 2025 யாரிடம் கேட்க வேண்டும்? 2025 = 45×45. ஆகவே கேட்க வேண்டியது 45-இடம். 45 = 5×9; 5 பகா எண், 9 = 3×3. இதுபோல் 2024 = 44×46; அது கேட்க வேண்டியது 44-இடமும் 46-இடமும். நமக்குத் துணைசெய்யும் சிறிய எண் எவ்வளவு பின்னே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, பின்னே உள்ள எல்லா எண்களையும் ஒருசேரத் துணைக்கொள்ளும் முறை தேவைப்படுகிறது. அதுவே வலுவான தொகுத்தறிதல்.

இனி நிறுவல். n என்பது ஒன்றைவிடப் பெரிய ஏதேனும் ஒரு முழு எண் ஆகுக. 2 முதல் n−1 வரையுள்ள எல்லா எண்களும் பகா எண்களின் பெருக்கலாக எழுதத்தக்கவை என்று கொள்வோம். n பகா எண்ணாயின், அதுவே தன் காரணிப்படுத்தல். மேலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. n பகு எண்ணாயின், n = a×b என்று எழுதலாம்; இங்கே a, b இரண்டும் 1-ஐவிடப் பெரியவை, n-ஐவிடச் சிறியவை. எனவே இரண்டும் நம் கருதுகோளின் எல்லைக்குள் அடங்குகின்றன. a-வும் பகா எண்களின் பெருக்கல், b-யும் அவ்வாறே. இரண்டு பெருக்கல்களையும் அடுத்தடுத்து எழுதினால் n-இன் காரணிப்படுத்தல் கிடைத்துவிடுகிறது. நிறுவல் முற்றிற்று.

தொடக்கப்படி எங்கே என்று மாணவர் கேட்பர்; கேட்கவும் வேண்டும். n = 2 என்னும் நிலையில், 2-க்கு முன் நம் பட்டியலில் எந்த எண்ணும் இல்லை; கருதுகோள் வெறுமையாக நிற்கிறது. ஆனால் 2 பகா எண். பகா எண்ணுக்குக் கருதுகோளின் உதவியே தேவையில்லை. உண்மையில், இந்நிறுவலில் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு புதிய தொடக்கப்படியாகவே செயற்படுகிறது. எனினும் விடைத்தாளில் 2-ஐத் தனியே ஒரு வரியில் எழுதிக் காட்டுவது நல்லது என்பதே நம் கருத்து.

விடைத்தாள்களில் இரு பிழைகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஒன்று, "k-க்கு உண்மை எனக் கொள்க" என்று தொடங்கி, k+1 = a×b என எழுதியபின், a-வுக்கும் b-க்கும் கருதுகோளைப் பொருத்துவது. கருதுகோள் k என்னும் ஓர் எண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. A, b பற்றி அது வாய் திறக்கவில்லை. மற்றொன்று, a-வும் b-யும் n-ஐவிடச் சிறியவை என்பதைச் சொல்லாமல் விடுவது. அதைச் சொல்லாவிடின் 7 = 1×7 என்பதும் ஒரு பிரிப்பாக நுழைந்துவிடும்; 7-ஐ நிறுவ 7-ஐயே துணைக்கு அழைத்ததாக முடியும்.

'வலுவான' என்னும் அடைமொழி சிலரை மயங்கவைக்கிறது. இது புதிய நம்பிக்கை எதையும் நம்மிடம் கோருவதில்லை. "2 முதல் k வரையுள்ள எண்கள் யாவும் காரணிப்படுத்தத்தக்கவை" என்பதையே ஒரு கூற்றாகக் கொண்டால், பழைய ஏணிப்படி முறையே போதுமானது. படி ஏறும்போது கடந்த படிகளின் கணக்கையும் கையில் எடுத்துச் செல்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

இந்நிறுவல் காரணிப்படுத்தல் ஒன்று உண்டு என்று மட்டுமே கூறுகிறது. அது ஒன்றே என்று கூறவில்லை. 2024-ஐ 44×46 என்று பிரித்தாலும் 8×253 என்று பிரித்தாலும் இறுதியில் அதே பகா எண்கள்தாம் வந்து நிற்கின்றன. இதற்கு நம் நிறுவலில் எக்காரணமும் காட்டப்படவில்லை. இதை உணர, ஹில்பர்ட் எண்கள் எனப்படும் 1, 5, 9, 13, 17, 21 முதலிய எண்களை மட்டும் கொண்ட ஓர் உலகத்தை எண்ணிப் பார்ப்போம். இவை 4-ஆல் வகுக்க 1 மீதி தருபவை; இவற்றுள் எவ்விரண்டைப் பெருக்கினாலும் இவற்றுள் ஒன்றே கிடைக்கும். 9 = 3×3 என்று இங்கே பிரிக்க இயலாது; ஏனெனில் 3 இவ்வுலகில் இல்லை. அவ்வாறே 21-உம் 49-உம் பிரியா. நம் நிறுவலைச் சொல்லுக்குச் சொல் இங்கும் கூறலாம். 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் இவ்வுலகின் பகா எண்களின் பெருக்கலாக அமையும் என்பது இங்கும் உண்மை. ஆனால் 441 = 21×21; அதுவே 9×49-உம் ஆகும். ஓர் எண்ணுக்கு இரு வேறு காரணிப்படுத்தல்கள்!

நம் வழக்கமான எண்களில் இத்தகைய இரட்டைப் பிரிப்பு நேராமல் காப்பது, யூக்ளிடின் 'மூலங்கள்' என்னும் பெருநூலின் ஏழாம் நூலில் 30ஆம் கூற்றாக உள்ள ஒரு பண்பு: ஒரு பகா எண் இரு எண்களின் பெருக்கலை வகுக்குமாயின், அவ்விரண்டில் ஒன்றையேனும் அது வகுக்கும். மேற்கண்ட சிறு உலகில் 21 என்பது 9×49-ஐ வகுக்கிறது; ஆனால் 9-ஐயும் வகுப்பதில்லை, 49-ஐயும் வகுப்பதில்லை.