விவரம் முழுமையாகத் தெரியாதபோது பில் போடுவது எப்படி?

ஜி.எஸ்.டி. முறையில் பதிவு செய்த வணிகர் தரும் வரிப் பட்டியலில், அதாவது நாம் பில் என்று சொல்லும் இன்வாய்ஸில், என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 46-ஆம் விதி வரையறுக்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், பட்டியலின் வரிசை எண், தேதி, வாங்குபவர் விவரம், சரக்கின் பெயர், அளவு, மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, கையொப்பம் ஆகியவை அதில் முக்கியமானவை. ஆனால் சரக்கு புறப்படும் நேரத்தில் இவை எல்லாமே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. யார் வாங்குவார், எத்தனை எடுப்பார், என்ன விலைக்குப் படியும், எந்த விகிதத்தில் வரி என்ற நான்கில் ஒன்றோ பலவோ முடிவாகாமல் இருக்கலாம். அப்போது கட்டங்களைக் காலியாக விட்டு பில் போடுவது வழியல்ல. நான்கு குறைகளுக்கும் சட்டம் தனித்தனி வழி வைத்திருக்கிறது.

வாங்குபவர் விவரம் இல்லாதது இவற்றில் எளிது. வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத பொதுமகனாகவும், விற்பனை 50,000 ரூபாய்க்குக் குறைவாகவும் இருந்தால், அவர் கேட்டாலொழிய பெயரும் முகவரியும் பில்லில் தேவையில்லை. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, அவர் பில் கேட்காவிட்டால், தனி பில்லே போட வேண்டாம். அத்தகைய விற்பனை எல்லாவற்றையும் சேர்த்து அன்றன்று கடை அடைக்கும்போது ஒரே பில்லாகப் போட்டுவிடலாம். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் பெயர், முகவரி, சரக்கு போய்ச் சேரும் இடம், மாநிலம் எல்லாம் வேண்டும். வாங்குபவர் பதிவு பெற்றவராக இருந்தால் தொகை எவ்வளவு சிறியதானாலும் அவருடைய ஜி.எஸ்.டி. எண் கட்டாயம்.

அளவு தெரியாதபோது பில்லுக்குப் பதிலாக டெலிவரி சலான் போட வேண்டும். 55-ஆம் விதி இதற்கானது. டேங்கரில் போகும் திரவ எரிவாயு, வேலைப்பாட்டுக்காக அனுப்பும் சரக்கு, விற்பனை அல்லாத காரணத்துக்காக எடுத்துச் செல்லும் சரக்கு ஆகியவை இதில் அடங்கும். சலான் மூன்று படிகளாகத் தயாராகும்: அசல் சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்பியவருக்கு. சரியான அளவு தெரியாவிட்டால் உத்தேச அளவைக் குறிக்கலாம் என்று விதியே சொல்கிறது. அளவுக் கட்டத்தை வெறுமையாக விட அது அனுமதிக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு பட்டு மொத்த வியாபாரி மதுரைக் கடை ஒன்றுக்குப் பார்வைக்குச் சேலை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய்ச் சேலை 20, 12,000 ரூபாய்ச் சேலை 20. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்பது ஏற்பாடு. ஏப்ரல் 10 அன்று சரக்கு கிளம்புகிறது. எத்தனை சேலை விற்பனையாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே 40 சேலைக்கும் 4,00,000 ரூபாய் மதிப்புக் காட்டிச் சலான் போடப்படுகிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் அந்தச் சலானை வைத்து இ-வே பில்லும் எடுக்கப்படுகிறது. இந்த நிலையில் வரி பில் கிடையாது.

மே 20 அன்று கடைக்காரர் 26 சேலையை எடுத்துக்கொள்வதாகத் தெரிவிக்கிறார். அதில் 8,000 ரூபாய்ச் சேலை 15, 12,000 ரூபாய்ச் சேலை 11. அன்றுதான் விற்பனை உறுதியாகிறது. பில்லும் அன்றுதான் போடப்பட வேண்டும். மதிப்பு 1,20,000-உம் 1,32,000-உம் சேர்ந்து 2,52,000 ரூபாய். பட்டுச் சேலைக்கு வரி 5 சதவீதம். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்பதால் மத்திய வரி 6,300, மாநில வரி 6,300. மொத்தம் 2,64,600 ரூபாய். மீதி 14 சேலையும் சலானோடு திரும்பி வரும். அவற்றின் மதிப்பு 1,48,000 ரூபாய் என்பதால் திரும்பும் பயணத்துக்கும் இ-வே பில் வேண்டும்.

கடைக்காரர் பதிலே சொல்லாமல் இழுத்தால் என்ன செய்வது? பார்வைக்கு அனுப்பிய சரக்குக்குச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 6 மாத வரம்பு வைத்திருக்கிறது. அக்டோபர் 10-க்குள் முடிவு தெரியாவிட்டால், திரும்பி வராத சேலை அத்தனைக்கும் பில் போட்டாக வேண்டும். பில்லைத் தாமதிப்பதால் வரி தள்ளிப்போகாது. பில் போட வேண்டிய கடைசி நாளே வரிப் பொறுப்பு தொடங்கும் நாளாகிவிடும்.

மூன்றாவது குறை விலை. தரம் பார்த்த பிறகு விலை முடிவாகும் என்ற ஒப்பந்தங்களில் சரக்கு முன்னால் போய்விடும். ‘விலை பின்னர்’ என்று எழுதிய தாள் வரிப் பட்டியலாகாது. மதிப்பு இல்லாமல் வரியைக் கணக்கிடவே முடியாது. இங்கே இருவரும் ஒப்புக்கொண்ட உத்தேச விலைக்குப் பில் போடுவதுதான் நடைமுறை. பிறகு முடிவான விலை கூடினால் வித்தியாசத்துக்கு டெபிட் நோட்டும், குறைந்தால் கிரெடிட் நோட்டும் தரப்படும். கிரெடிட் நோட்டால் வரியைக் குறைத்துக்கொள்ள அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரையில்தான் அவகாசம். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு அது முடிந்துவிடும். எனவே உத்தேச விலையை வேண்டுமென்றே உயர்த்திப் போடுவது விற்பவருக்கே சிக்கல். விலை விவரத்தை வாங்குபவருக்கு முன்கூட்டியே காட்ட மட்டும் ஒரு தாள் வேண்டுமென்றால் புரோஃபார்மா இன்வாய்ஸ் போதும். அது வெறும் விலை அறிவிப்பு. அதை வைத்து வரி கட்டவோ வரிக் கழிவு எடுக்கவோ இயலாது.

வரி விகிதம் தெரியாத நிலை பெரும்பாலும் சேவைகளுக்கு முன்பணம் வாங்கும்போது எழும். வேலை இன்னதென்று முடிவாகும் முன்பே பணம் வந்துவிடும். அப்போது முன்பண ரசீது தர வேண்டும். 50-ஆம் விதியின்படி விகிதத்தைத் தீர்மானிக்க முடியாவிட்டால் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். வேலை மாநிலத்துக்குள்ளா, வெளி மாநிலத்துக்கா என்று தெரியாவிட்டால் மாநிலங்களுக்கிடையிலான சேவையாகவே கொள்ள வேண்டும். சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் பொதுவாக வரி கட்டத் தேவையில்லை. பில் போடும்போது கட்டினால் போதும். வரிவிலக்குள்ள பொருளானாலும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ள வணிகரானாலும் வரிக் கட்டமே வராது. அவர்கள் தருவது ‘பில் ஆஃப் சப்ளை’.

குறைபாடுள்ள பில்லின் விளைவு முதலில் வாங்குபவர் தலையில் விழும். அவர் கட்டிய வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள ஆவணம் வேண்டும். 36-ஆம் விதி இதில் கொஞ்சம் தளர்வு தருகிறது. எல்லா விவரமும் இல்லாவிட்டாலும், வரித் தொகை, சரக்கு அல்லது சேவையின் விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பின் ஜி.எஸ்.டி. எண்கள், வெளிமாநில விற்பனையானால் சேரும் மாநிலம் ஆகியவை இருந்தால் கழிவு கிடைக்கலாம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கழிவு மறுக்கப்படலாம். விற்பவருக்கும் தண்டனை உண்டு. பில் இல்லாமல் விற்றாலோ பொய்யான பில் தந்தாலோ 122-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

ஆகவே முன்கூட்டியே பில் தயார் செய்து வைப்பவர், தன் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், வழக்கமான சரக்குப் பெயர், எச்.எஸ்.என். குறியீடு வரை அச்சிட்டு வைக்கலாம். வரிசை எண்ணையும் தேதியையும் பில் தரும் நாள்வரை போடக்கூடாது. எண் ஒரு நிதியாண்டுக்குள் இடைவெளியின்றித் தொடர வேண்டும். முன்பே எண் போட்ட காலி பில் பயன்படாமல் போனால் கணக்கில் ஓட்டை விழும். கையெழுத்திட்ட காலி பில்லை யாரிடமும் கொடுத்து வைப்பது அதைவிட ஆபத்து. அதில் பிறகு யார் என்ன தொகை எழுதினாலும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதாகிவிடும்.